நேவி டி-ஷர்ட் 6,000 பீஸ், லாட் 3 ஷேடு பிரச்சினை: மெயில்கள் தேதி வரிசையில்

மேலாளர் பார்வைக்கு. 2024 ஜூன் 3 முதல் 19 வரையிலான மெயில்கள். எல்லா நேரமும் இந்திய நேரம். பையர் மெயிலில் இருப்பது பிரிட்டன் நேரம் என்பதால் நாலரை மணி கூட்டியிருக்கிறேன். பதில்களுக்குக் கீழே ஒட்டிக்கொண்டு வந்த பழைய மெயில்களை விட்டுவிட்டேன். மேற்கோளில் இருப்பது அவரவர் எழுதியதே. பையர் வரிகள் மட்டும் தமிழாக்கம்.

ஜூன் 3, 11.20. மெர்ச்சண்டைசர் → பையர்: லேப் டிப் ஏ, பி, சி கூரியரில் போயிற்று.

ஜூன் 6, 15.05. பையர்: "பி ஓகே. பல்க் துணி டி65, டிஎல்84 இரண்டு லைட்டிலும் பொருந்த வேண்டும்."

ஜூன் 7, 10.10. மெர்ச்சண்டைசர் → டையிங் மாஸ்டர்: "பி அப்ரூவ்டு, ஆரம்பிச்சுடுங்க." டிஎல்84 பற்றி ஒரு வார்த்தை இல்லை, பையர் மெயிலும் இணைக்கப்படவில்லை.

ஜூன் 14, 18.40. டையிங் மாஸ்டர் → மெர்ச்சண்டைசர்: 4 லாட், 1,240 கிலோ ரெடி. "லாட் 3 கொஞ்சம் சிவப்படிக்குது, டி65-ல ஓகே. அனுப்பவா, ரீடை போடவா?" இதற்கு யாரும் பதில் எழுதவில்லை. 4 லாட்டும் மறுநாள் காலை கட்டிங்குக்கு வந்துவிட்டன.

ஜூன் 15, 09.30. மெர்ச்சண்டைசர் → பையர்: ஷேடு பேண்ட் அனுப்பியாயிற்று. 1, 2, 4 மட்டும் கட்டிங் போகும், 3 உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும். சிசி: டையிங் மாஸ்டர். கட்டிங் இன்சார்ஜ் பெயர் இல்லை.

ஜூன் 17, 16.15. கட்டிங் இன்சார்ஜ் → மெர்ச்சண்டைசர்: "நாலு லாட்டும் காலையிலயே வெட்டி முடிச்சாச்சு."

ஜூன் 17, 18.00. பையர்: 1, 2, 4 ஓகே. "லாட் 3 டிஎல்84-ல் வேறு நிறமாகத் தெரிகிறது, நிராகரிக்கிறோம்."

இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கவும். பையர் மெயிலில் 13.30 என்றிருப்பதால், நிராகரித்த பிறகும் வெட்டியதாகத் தோன்றுகிறது. நேற்றைய மெயில்களில் அப்படித்தான் பேசப்பட்டது. உண்மையில் வெட்டி முடித்த தகவல் ஒன்றே முக்கால் மணி நேரம் முந்தியது. அதே சமயம், லாட் 3-ஐ வெட்டலாம் என்று எந்த மெயிலும் சொல்லவில்லை.

ஜூன் 18, 10.30. மெர்ச்சண்டைசர்: "1, 2, 4 மட்டும்னு 15-ஆம் தேதியே எழுதியிருக்கேன்."

ஜூன் 18, 11.50. கட்டிங் இன்சார்ஜ்: "அந்த மெயில் எனக்கு வரல. போன்ல நாலும் போடச் சொன்னாங்க." யார் சொன்னது என்று எழுதவில்லை. இது அவர் கூற்று மட்டுமே, மெயிலில் ஆதாரமில்லை.

ஜூன் 18, 17.25. மெர்ச்சண்டைசர் → பையர்: லாட் 3-க்கு 310 கிலோ புதிதாகச் சாயம் போட்டு 26-ஆம் தேதி எடுக்கிறோம். ஜூலை 5 ஷிப்மென்ட்டை 9-க்குத் தள்ள அனுமதி வேண்டும்.

ஜூன் 19, 16.50. பையர்: "ஜூலை 9 ஓகே. அதற்கும் தாமதமானால் ஏர் செலவு உங்களுடையது."

மெயிலில் பதில் கிடைக்காதவை: 310 கிலோ துணி, சாயச் செலவு யார் கணக்கில், லாட் 3-ல் வெட்டிய 1,450 பீஸ் என்ன ஆகும், கட்டிங்குக்கு போன் செய்தது யார்.