நோட்டிலிருந்தே ஒரு தாள்: மூன்றாம் வகுப்புப் பெற்றோருக்கு

அன்புள்ள பெற்றோருக்கு,

இந்த வாரம் முதல் வெள்ளிக்கிழமைதோறும் பிள்ளைகளின் தமிழ், கணக்கு, அறிவியல் நோட்டுகளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறேன். அவற்றை வைத்து சனிக்கிழமை அரைப்பக்கக் கேள்வித் தாள் ஒன்று தயார் செய்யுங்கள். கடையில் வாங்கும் பயிற்சிப் புத்தகம் வேண்டாம். உங்கள் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்பது அதில் இருக்காது, இந்த நோட்டில்தான் இருக்கிறது.

முதலில் சிவப்பு மை விழுந்த இடங்களைப் பாருங்கள். திட்டுவதற்காக அல்ல, கேள்வி எடுப்பதற்காக. ஒரு நோட்டில் 52 − 27 = 35 என்று இருந்தது. கவனக்குறைவு என்று விட்டுவிடத் தோன்றும். ஆனால் இரண்டு பக்கம் தள்ளி 60 − 34 = 34 என்றும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் புரிகிறது: கடன் வாங்க வேண்டிய இடத்தில், பெரிய இலக்கத்திலிருந்து சின்னதைக் கழித்துவிடுகிறது பிள்ளை. ஒன்றாம் இடத்தில் 2-லிருந்து 7 போகாது என்றதும் 7-லிருந்து 2-ஐக் கழித்து 5 போட்டுவிட்டது. இதற்கு இருபது கணக்கு கொடுப்பதில் பயனில்லை. பத்துக் குச்சிகளை ஒரு கட்டாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் முன்னால் வையுங்கள். 27 குச்சி எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டைப் பிரிக்காமல் எடுக்க முடியாது என்பது பிள்ளைக்கே தெரிந்துவிடும். அப்புறம் தாளில் இரண்டு கணக்கு போதும்.

தாளில் எட்டுக் கேள்விக்கு மேல் வேண்டாம். மூன்று இந்த வாரத்தில் நடத்தியது, மூன்று போன வாரத்தில் நடத்தியது, இரண்டு ஒரு மாதத்துக்கு முந்தையது. அந்தக் கடைசி இரண்டைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அவைதான் முக்கியம். மறக்க ஆரம்பித்த நேரத்தில் யோசித்து எடுத்த விடை நன்றாகத் தங்கும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். அதனால் "நோட்டை இன்னொரு தடவை படி" என்பதற்குப் பதில், நோட்டை மூடிவைத்துக் கேளுங்கள்.

மாதிரிக்கு ஒரு தாள்:

1. 71 − 46 = ?
2. 60 பென்சிலில் 34 கொடுத்துவிட்டோம். மீதி எத்தனை?
3. சொல்வதைக் கேட்டு எழுது: யானைக்குப் பலம் அதிகம். குரங்குக்குப் பழம் பிடிக்கும்.
4. "அவன் பள்ளிக்கு போனான்." இதில் விட்டுப்போன எழுத்து எது?
5. வேர் செய்யும் இரண்டு வேலைகள்?
6. செடியின் படம் வரைந்து நான்கு பாகங்களைக் குறி.
7. 6 × 7 = ?
8. "மேடு" என்பதன் எதிர்ச்சொல்லை வைத்து ஒரு வாக்கியம் எழுது.

மூன்றாவது கேள்வி, "கிளி பலம் தின்றது" என்று ஒரு பிள்ளை எழுதியதிலிருந்து வந்தது. இரண்டு சொல்லையும் ஒன்றாக வைத்தால்தான் ல, ழ வித்தியாசம் காதிலும் கையிலும் படியும். நீங்களும் வாசிக்கும்போது ழகரத்தைச் சரியாக உச்சரியுங்கள்.

எழுதி முடித்ததும் நோட்டைத் திறந்து பிள்ளையே சரிபார்க்கட்டும். மதிப்பெண் போடாதீர்கள். தவறிய கேள்விக்கு ஒரு புள்ளி வைத்து, எண்ணையோ சொல்லையோ மாற்றி அடுத்த வாரத் தாளில் சேர்த்துவிடுங்கள்.

வாய்மொழிக் கேள்விக்கு வாரத்தில் மூன்று நாள், ஐந்து நிமிடம் போதும். துணி மடிக்கும்போதோ நடந்து போகும்போதோ கேட்கலாம். கேட்டுவிட்டு மனதுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நாம் அவசரப்பட்டு விடையைச் சொல்லிவிடுகிறோம், பிள்ளை யோசிப்பதை நிறுத்திவிடுகிறது.

"வேர் என்ன செய்யும், கண்ணு?"
"தண்ணி உறிஞ்சும்."
"சரி. செடியைப் பிடுங்கினால் ஏன் லேசில் வருவதில்லை?"
"ம்... வேர் மண்ணைப் பிடிச்சிருக்கு!"

இரண்டாவது வேலையை நோட்டில் எழுதியிருந்தும் பிள்ளைக்கு அது உடனே வரவில்லை. இழுத்துப் பார்ப்பதை நினைத்ததும் வந்துவிட்டது. தெரியவில்லை என்றால் விடையைச் சொல்லாமல், இப்படி இன்னொரு பக்கத்திலிருந்து கேளுங்கள். அப்போதும் வரவில்லையா, நோட்டைத் திறந்து தேடச் சொல்லுங்கள்.

வாய்மொழியில் கடைசி இரண்டு கேள்வியைப் பிள்ளை உங்களிடம் கேட்கட்டும். வேண்டுமென்றே ஒன்றைத் தப்பாகச் சொல்லிப் பாருங்கள். உங்களைத் திருத்தும் ஆர்வத்திலேயே பாடம் முழுக்க வந்துவிடும். படிக்கச் சிரமப்படும் பெற்றோரும் இதைச் செய்யலாம்: நோட்டைப் பிள்ளை கையில் கொடுத்து, "இன்னைக்கு நீ டீச்சர், எனக்குச் சொல்லிக்கொடு" என்றால் போதும்.

பிள்ளை களைப்பாக இருக்கும் வாரத்தில் தாளை விட்டுவிடுங்கள், வாய்மொழி மட்டும் போதும். நோட்டுகளைத் திங்கள் காலை திருப்பி அனுப்பும்போது, புள்ளி வைத்த தாளையும் உள்ளே வையுங்கள். ஒரே இடத்தில் பல பேருக்குப் புள்ளி இருந்தால் அந்தப் பாடத்தை வகுப்பில் மறுபடி நடத்துகிறேன்.

இப்படிக்கு,
வகுப்பாசிரியை