வெளிப்புகையும் அடுப்புப்புகையும்: எண்ணூர் குப்பத்துப் பெண்களிடம் ஒரு சுகாதாரப் பணியாளர் பேசியது

எல்லாருக்கும் வணக்கம். முன்னால் இடம் இருக்கிறது, வாங்க. ஆயா, நீங்கள் தரையில் உட்கார வேண்டாம், அந்த நாற்காலியை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் லாரி வருவதற்குள் முடித்துவிடுகிறேன்.

பிரஷரும் சுகரும் பார்க்க வீட்டுக்கு வரும்போதெல்லாம் விறகு அடுப்பைப் பற்றி நான் பேச்செடுப்பேன். பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "அனல்மின் நிலையத்துச் சாம்பலைத் தினமும் மூச்சில் இழுக்கிறோம். 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து ஆறு முழுக்கப் படிந்தது. அதே மாதம் நடுராத்திரியில் அம்மோனியா கசிந்து, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினோம். அதையெல்லாம் விட்டுவிட்டு எங்கள் அடுப்பைக் கேட்கிறாயே?"

கேட்க வேண்டிய கேள்விதான். அந்தப் புகைக்கு நீங்கள் காரணம் இல்லை. அதற்கு மனு கொடுப்பதையும் தெருவில் உட்கார்ந்து கேட்பதையும் விட்டுவிடாதீர்கள். ஆனால் வெளிப்புகைக்கும் அடுப்புப்புகைக்கும் நமக்கு இருப்பது ஒரே நெஞ்சுதான். வெளியே அவ்வளவு இருப்பதால்தான் உள்ளே இருப்பதையாவது குறைத்தாக வேண்டும் என்கிறேன். ஆலைப் புகை உயரத்தில் கிளம்பிக் காற்றில் பரவி, கொஞ்சம் நீர்த்துத்தான் நம்மிடம் வருகிறது. அடுப்புப்புகை நம் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில் கிளம்புகிறது. மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்துச் சுவரில் ஜன்னல் இல்லை. அந்த அறைக்குள் சமையல் நேரத்தில் தேங்கும் புகை தெருவில் இருப்பதைவிடப் பல மடங்கு அடர்த்தி.

இந்தப் புகையில் என்ன இருக்கிறது? கண்ணில் தெரிகிற கரியைப் பற்றி நான் பெரிதாகப் பயப்படவில்லை. அது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும், இருமினால் வெளியே வரும். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத தூள்கள் இருக்கின்றன. அவை நுரையீரலின் கடைசிப் பை வரைக்கும் போகும், ரத்தத்திலும் கலக்கும். அதனால்தான் அடுப்புப்புகை இருமலோடு நிற்பதில்லை. மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய், கண்புரை எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. பீடி பிடிக்காத எத்தனை பெண்கள் நாலு படி ஏறியதும் மூச்சு வாங்கி நிற்கிறார்கள், பாருங்கள். வீட்டுப் புகையால் ஒரு வருடத்தில் உலகம் முழுக்க ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2020க்குக் கணக்குச் சொல்லியிருக்கிறது. அதில் இரண்டு லட்சத்துக்கு மேல் ஐந்து வயதுகூட ஆகாத பிள்ளைகள்.

இன்னொன்று கார்பன் மோனாக்சைடு. அதற்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். சமைத்து முடித்ததும் தலை பாரமாக இருக்கிறது, கண்ணைக் கட்டுகிறது என்று சொல்கிறீர்களே, அதற்கு இதுவும் ஒரு காரணம். மாசமாக இருக்கிற பெண்ணுக்கு ஏற்கெனவே ரத்தம் குறைவு. இருக்கிற ரத்தமும் ஆக்சிஜனைச் சரியாகச் சுமக்காவிட்டால் வயிற்றுப் பிள்ளைக்கு எங்கிருந்து போகும்? புகையில் சமைக்கிற தாய்மாருக்கு எடை குறைந்த பிள்ளை பிறப்பது அதிகமாகப் பார்க்கப்பட்டிருக்கிறது. இரும்புச்சத்து மாத்திரையை நான் கொடுத்துவிட்டுப் போகிறேன், நீங்கள் அதை விழுங்கிவிட்டு அடுப்பு ஊதப் போகிறீர்கள். அதுதான் எனக்கு ஆற்றவில்லை.

விறகும் முன்பு மாதிரி இல்லை. ஆயா காலத்தில் சவுக்கு, முள்ளு, தென்னை மட்டை. இப்போது கன்டெய்னர் யார்டுகளிலிருந்து வருகிற பேக்கிங் மரம், ஒட்டுப்பலகை, பெயின்ட் அடித்த கதவுச் சட்டம். பற்றவைக்கப் பால் கவரும் பழைய டயர்த் துண்டும். பெயின்ட்டிலும் பசையிலும் இருக்கிற மருந்துகள் எரிந்து வருகிற புகை வெறும் விறகுப் புகையைவிட மோசம். இன்றைக்கே முழுவதும் மாற முடியாதவர்கள் இந்த ஒன்றை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். பிளாஸ்டிக், டயர், பெயின்ட் அடித்த மரம் அடுப்பில் வேண்டவே வேண்டாம்.

சரி, இனிமேல்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இங்கே இருக்கிறவர்களில் பாதிப்பேர் வீட்டில் கேஸ் அடுப்பு ஏற்கெனவே இருக்கிறது. 2007இல் தமிழ்நாடு அரசு இலவசமாகக் கொடுத்த அடுப்பு சில வீடுகளில் இன்னும் இருக்கிறது, பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் டீயும் பிள்ளைக்குப் பாலும்தான். சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் பின்கட்டில் மண் அடுப்பில். "கேஸ் வைத்திருக்கிறோமே" என்று நீங்கள் சொல்லும்போது நான் மேலே ஒன்றும் கேட்க முடிவதில்லை. அதிக நேரம் எரிகிறது எந்த அடுப்பு என்பதுதான் கணக்கு. ஒரு நாளில் மூன்று மணி நேரம் விறகும் பத்து நிமிடம் கேஸும் என்றால் நெஞ்சுக்குப் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியாது. பாதி மாறினால் பாதி நன்மை என்றும் நினைக்காதீர்கள். கொஞ்சம் புகையே நிறையக் கெடுதல் செய்யும். நன்மை முழுவதும் கிடைப்பது மண் அடுப்பை அணைத்த பிறகுதான்.

ஏன் அணைக்க முடியவில்லை என்று கேட்டால், முதலில் வருவது வெந்நீர். வீட்டுக்காரர் கடலிலிருந்து வந்ததும் ஒரு அண்டா வெந்நீர் வேண்டும், உண்மைதான். அந்த அண்டாவைக் கேஸில் வைத்தால் சிலிண்டர் தாங்காது, அதுவும் உண்மைதான். கறுப்பு பெயின்ட் அடித்த டிரம்மில் தண்ணீர் நிரப்பி மூடி, காலையிலிருந்து வெயிலில் வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு மாலையில் குளிக்கிற சூடு வந்துவிடும். மழை நாளில் மட்டும் ஒரு பாத்திரம் கொதிக்க வைத்துக் கலந்துகொள்ளலாம்.

அடுத்தது ருசி. மீன் குழம்பு விறகில் வைத்தால்தான் குழம்பு என்கிறீர்கள். அந்த ருசியில் பெரும்பங்கு மண் சட்டியுடையது, புளியுடையது, காலையில் வைத்ததை மாலையில் தின்பதுடையது. மண் சட்டியைக் கேஸில் தாராளமாக வைக்கலாம். முதலில் தண்ணீரில் ஊறவைத்த சட்டியாக இருக்கட்டும், தீயைச் சிறிதாக வைத்து மெதுவாக ஏற்றுங்கள், விரிசல் விடாது.

மூன்றாவது காசு. இதை மழுப்பிப் பேச மாட்டேன். சிலிண்டர் எண்ணூறு ரூபாய்க்கு மேலே. மீன்பிடித் தடைக்கால மாதங்களில் அந்தப் பணம் எங்கிருந்து வரும் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனால் இருக்கிற வழிகளைச் சொல்கிறேன்.

வீட்டில் யார் பெயரிலும் கேஸ் இணைப்பு இல்லாத ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கு, 18 வயது முடிந்திருந்தால், உஜ்வாலா திட்டத்தில் டெபாசிட் இல்லாமல் இணைப்பு கொடுக்கிறார்கள். முதல் சிலிண்டரும் அடுப்பும் சேர்ந்தே வரும். ஆதார், ரேஷன் கார்டு, வங்கிப் புத்தகம் மூன்றும் வேண்டும். வெளியூரிலிருந்து வந்து வாடகைக்கு இருக்கிறவர்கள் முகவரிக்குத் தாங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். இந்த இணைப்புக்கு 14.2 கிலோ சிலிண்டர் ஒவ்வொன்றுக்கும் 300 ரூபாய் மானியம் வங்கிக் கணக்கில் விழுகிறது. வருடத்துக்கு இத்தனை சிலிண்டர் என்று வரம்பு உண்டு. மானியம் வரவில்லை என்றால் ஏஜென்சியில் ஆதார் கைரேகைப் பதிவு விட்டுப் போயிருக்கலாம், கேளுங்கள். மொத்தமாகப் பணம் புரட்ட முடியாதவர்கள் ஐந்து கிலோ சிலிண்டராகவும் கேட்டு வாங்கலாம்.

கேஸ் குறைவாகச் செலவாக அரிசியையும் பருப்பையும் ஊறப்போடுங்கள். குக்கர் இருந்தால் குக்கர், இல்லை என்றால் மூடி போட்ட பாத்திரம். கொதி வந்ததும் தீயைக் குறையுங்கள். எல்லாவற்றையும் நறுக்கி வைத்துக்கொண்டு பிறகு பற்றவையுங்கள்.

தனி மீட்டர் இருக்கிற வீட்டில் இன்டக்‌ஷன் அடுப்பும் யோசிக்கலாம். 2000 வாட் அடுப்பு முழு வேகத்தில் அரை மணி எரிந்தால் ஒரு யூனிட். நமக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இருக்கிறது, ஆனால் ஃபேனும் டிவியும் அதில்தான் ஓடுகின்றன, கணக்குப் பாருங்கள். வாடகை வீட்டில் ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று வாங்கினால் இது கட்டுப்படியாகாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகவே கூடாது, பெரிய பிளக் பாயின்ட் வேண்டும்.

அந்த மூலையில் அத்தை தலையை ஆட்டுகிறார்கள், சிலிண்டர் வெடிக்கும் என்று பயம். பயம் இருக்கட்டும், அது நம்மைக் கவனமாக வைக்கும். அடுப்பு மேடை மேல், சிலிண்டர் தரையில், நிமிர்ந்து நிற்க வேண்டும். ராத்திரி படுக்கும் முன் ரெகுலேட்டரை மூடுங்கள். ரப்பர் டியூபை ஐந்து வருடத்துக்குள் மாற்றிவிடுங்கள், அதற்கு முன்பே வெடிப்பு தெரிந்தால் உடனே. கசிவு இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், குமிழி வரும். தீக்குச்சி காட்டிப் பார்க்காதீர்கள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். வாடை வந்தால் லைட், ஃபேன் எந்த ஸ்விட்சையும் தொடக் கூடாது, போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, பிள்ளைகளோடு வெளியே வந்து 1906க்குப் போன் செய்யுங்கள். ராத்திரி பகல் எப்போதும் எடுப்பார்கள்.

அதுவரை விறகில் சமைத்தே ஆக வேண்டியவர்கள் காய்ந்த விறகாகப் பாருங்கள், ஈர விறகுதான் அதிகம் புகையும். முடிந்தால் அடுப்பை வாசலுக்குக் கொண்டுவாருங்கள். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஊதாதீர்கள். அழுகிறதே என்று பக்கத்தில் படுக்கவைக்கவும் வேண்டாம். பெரிய பிள்ளையிடமோ பக்கத்து வீட்டு அக்காவிடமோ அந்த நேரம் கொடுத்துவிடுங்கள்.

பிள்ளைக்குச் சளி இருந்தால் சட்டையைத் தூக்கி மூச்சை எண்ணிப் பாருங்கள். அமைதியாக இருக்கும்போது, முழு ஒரு நிமிடம். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50, அதற்கு மேல் ஐந்து வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ அது வெறும் சளி இல்லை, நிமோனியாவாக இருக்கலாம். அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, பால் குடிக்க முடியாமல் போனாலோ காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். தைலம் தேய்த்துப் பார்ப்போம், காலையில் போவோம் என்று ஒரு ராத்திரியை விடாதீர்கள்.

இட்லிக் கடை போடுகிற அக்காக்கள் இரண்டு பேர் இருக்கிறீர்கள். வீட்டுச் சிலிண்டரைக் கடைக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது விதி. உங்கள் கணக்கு வேறு மாதிரி, அதனால் கூட்டம் கலைந்ததும் நாம் தனியாக உட்கார்ந்து பேசலாம்.

இணைப்பே இல்லாதவர்கள் எத்தனை பேர்? கையைத் தூக்குங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை. சரி, நீங்கள் ஏழு பேரும் போகாதீர்கள், விண்ணப்பம் என்னிடம் இருக்கிறது, இப்போதே எழுதுவோம். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஏஜென்சிக்கு நானும் கூட வருகிறேன். ஆதார் ஒரிஜினலும் ஜெராக்ஸும் எடுத்து வாருங்கள். ரேஷன் கார்டில் பெயர் இன்னும் மாமியார் வீட்டுக்கு மாறாத புதுப்பெண்கள் முதலில் என்னிடம் வாருங்கள், அதற்கு வேறு வேலை இருக்கிறது.