பொருள்: பில்லிங் சாஃப்ட்வேர் ஜூலை 14 டெலிவரி தள்ளிப்போகுது, ஆகஸ்ட் 1 புது பிளான்

வணக்கம் சார்,

ஜூலை 14 குடுக்கறதா சொன்ன பில்லிங் சாஃப்ட்வேர் அன்னிக்கு ரெடியாகாதுங்க, ஆகஸ்ட் 1 ஆரம்பிக்கலாம்.

காரணம் இ-இன்வாய்ஸ். ஈரோடு குடோன்ல டெஸ்ட் பண்றப்போ, பில் போர்ட்டலுக்குப் போனதும் நெட் கட்டாச்சு, அங்க ஐஆர்என் உருவாகிடுச்சு ஆனா பதில் நம்ம சிஸ்டத்துக்கு வரல, திரும்ப அனுப்பினா 2150-னு டூப்ளிகேட் எரர் வருது. கவுன்டர்ல இருக்கற பையன் பில் போகலைன்னு நெனச்சு வேற நம்பர்ல இன்னொன்னு போட்டுட்டா ஒரே சரக்குக்கு ரெண்டு இன்வாய்ஸ். போர்ட்டல்ல கேன்சல் பண்ண 24 மணி நேரம்தான், அது தாண்டினா கிரெடிட் நோட்டுதான் வழி. சந்தை நாள் கூட்டத்துல இத யாரும் கவனிக்க முடியாது, அதனாலதான் இப்படியே குடுக்க எங்களுக்கு மனசு வரல.

இப்போ திரும்ப அனுப்பறதுக்கு முன்னாடி, பழைய பில் நம்பர வச்சு போர்ட்டல்ல கேட்டு ஐஆர்என்ன எடுத்துக்கற மாதிரி மாத்திட்டிருக்கோம்.

ஜூலை 21 ஸ்டாக், பர்ச்சேஸ் மட்டும் ஓப்பன் பண்றோம். சந்தை முடிஞ்சு 23 புதன்கிழமை ஸ்டாஃபுக்கு டிரெய்னிங். பில்லிங் மாச நடுவுல மாத்த வேண்டாம், ஜிஎஸ்டிஆர்-1 போடறப்போ ரெண்டு சிஸ்டத்து பில்லையும் சேக்கறது உங்க ஆடிட்டருக்குக் கஷ்டம். அதுவரை பழைய சாஃப்ட்வேர்லயே பில் போடுங்க, இந்த கூடுதல் வேலைக்கு சார்ஜ் எதுவும் இல்ல.

ஆகஸ்ட் முதல் வாரம் நம்ம ஆள் ஒருத்தர் குடோன்லயே இருப்பாரு. 23ஆம் தேதி ஸ்டாஃப் எத்தன மணிக்கு ஃப்ரீன்னு மட்டும் சொல்லுங்க சார்.

நன்றி,
பில்லிங் டீம், கோயம்புத்தூர்