சார், சார்ட்டர்ட் இன்ஜினியர் பதிவுக்கு உங்கள் பரிந்துரை வேண்டும்

வணக்கம் சார், நான் ஜெபின், 2014 சிவில் பேட்ச். கடைசி வருடப் புராஜெக்டில் முட்டம் பக்கம் பழைய வீடுகளின் சன்ஷேடைத் தட்டிப் பார்த்துக்கொண்டு அலைந்தோமே, அந்த மூன்று பேரில் ஒருவன். போன் செய்து வருடக்கணக்காகிறது, இப்போது காரியத்துக்காகத்தான் வருகிறேன் என்பது எனக்கே கூச்சமாக இருக்கிறது, அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

சார்ட்டர்ட் இன்ஜினியர் பதிவுக்கு விண்ணப்பிக்கிறேன். படிவத்தில் இரண்டு பேரின் பரிந்துரை கேட்டிருக்கிறார்கள். ஒன்று நான் ஐந்து வருடம் வேலை பார்த்த மார்த்தாண்டம் ஆபீசின் மூத்த இன்ஜினியர் தருகிறார். இன்னொன்று எனக்குப் பாடம் எடுத்தவர் யாராவது தரலாம். உங்களிடம் கேட்கவேண்டும் என்றுதான் முதலிலேயே தோன்றியது.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். பத்து வீடுகளில் கான்கிரீட்டை உடைத்து ஃபீனால்ஃப்தலீன் அடித்துப் பார்க்கச் சொன்னீர்கள். நாங்கள் ஏழு வீட்டோடு வெயில் தாங்காமல் பஸ் ஏறிவிட்டோம், மீதி மூன்று வீட்டின் அளவுகளை நானே உட்கார்ந்து எழுதினேன், கொஞ்சம் கூட்டி, கொஞ்சம் குறைத்து. நீங்கள் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "எட்டாவது வீட்டுக்குப் போட்டோ எங்கே?" என்று மட்டும்தான் கேட்டீர்கள். அடுத்த சனிக்கிழமை நீங்களே எங்களோடு பஸ்ஸில் வந்தீர்கள். அந்த எட்டாவது வீட்டில் உடைத்த விளிம்பில் வெளிப்பக்கம் 22 மில்லி நிறமே இல்லை, உள்ளே போகப்போகத்தான் ரோஸ் ஏறியது, கம்பியோ 15 மில்லியிலேயே துருப்பிடித்துக் கிடந்தது. நான் இஷ்டத்துக்கு எழுதியிருந்த அளவு வெறும் 8 மில்லி! அந்த வீட்டுப் பாட்டி, "என்ன மக்கா, சுவரு வெத்தில போட்டிருக்கு" என்று சிரித்தது நினைவிருக்கும்.

அன்று இன்னொன்றும் அடித்துத் திருத்தினீர்கள். ரோஸ் நிறம் இருக்கும் இடத்தில் கம்பி பத்திரமாக இருக்கிறது என்று எழுதியிருந்தேன். இந்தச் சோதனை உப்பைக் காட்டாது, கடற்கரையில் ரோஸ் நிறத்துக்குள்ளேயே கம்பி அரிக்கும் என்று பேனாவால் ஓரத்தில் எழுதினீர்கள். இன்றைக்கும் கடலோரத்தில் வீடு என்றால் கவர் 45 மில்லி, எம்30 கான்கிரீட், இதில் வீட்டுக்காரர் என்ன கெஞ்சினாலும் குறைப்பதில்லை. ஒக்கிப் புயலுக்குப் பிறகு ஓட்டுக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் போடுகிறோம் என்று வந்தவர்கள் நிறைய, எல்லோரிடமும் இதே பாட்டுதான்.

ஆக, நான் தப்பு செய்ததையும் திருந்தியதையும் நேரில் பார்த்தவர் நீங்கள். அதை எழுதினாலும் எனக்குச் சங்கடமில்லை. படிவத்தில் கேட்பது, எத்தனை வருடமாகத் தெரியும், எந்த வகையில் தெரியும், தொழில் அறிவு எப்படி, நேர்மை எப்படி என்பதுதான். நேர்மை என்ற கட்டத்தை இன்னொருவர் "மிக நன்று" என்று ஒரு வார்த்தையில் நிரப்பிவிடுவார்.

கல்லூரிக்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, அதனால் சுருக்கமாக: 2019-லிருந்து தக்கலையில் தனியாக ஆபீஸ் வைத்திருக்கிறேன், பெரும்பாலும் வீடுகள், இரண்டு சின்ன கல்யாண மண்டபம். சுசீந்திரம் பக்கம் நிரப்பிய வயலில் வீடு கட்டுபவர்கள்தான் இப்போது அதிகம், மண் சோதனை செய்யாமல் நான் வரைபடத்தில் கையெழுத்துப் போடுவதில்லை. போன வருடம் ஒரு பழைய கட்டடத்தின் மேல் இரண்டு மாடி ஏற்றக் கையெழுத்துக் கேட்டார்கள், அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்க்காமல் முடியாது என்றேன், வேறு ஆளிடம் போய்விட்டார்கள். அது எரிச்சல்தான், ஆனால் தூக்கம் வருகிறது. செய்த வேலைகளின் பட்டியலை இரண்டு பக்கத்தில் இத்துடன் அனுப்பியிருக்கிறேன், எதைப் பற்றியாவது சந்தேகம் இருந்தால் கேளுங்கள், வரைபடத்தோடு வருகிறேன்.

பலர் "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்" என்பார்கள். நீங்கள் அப்படிச் சொல்லமாட்டீர்கள் என்று தெரியும், நானும் எழுதிக் கொண்டு வரவில்லை. ஒரு பக்கம் போதும். விண்ணப்பம் இந்த மாதம் 28-ஆம் தேதிக்குள் போகவேண்டும், 24-க்குள் கிடைத்தால் நிம்மதி. படிவத்தைப் பிரிண்ட் எடுத்து நானே வீட்டுக்குக் கொண்டுவந்து தருகிறேன், நீங்கள் எங்கும் அலைய வேண்டாம். ஞாயிறு காலை ஆராதனை முடிந்து 11 மணிக்கு மேல் வந்தால் சரியா?

பரிந்துரைக்கும் அளவுக்கு என்னைத் தெரியாது என்று நினைத்தால் தயங்காமல் சொல்லிவிடுங்கள் சார், வருத்தப்படமாட்டேன், வேறு ஒருவரைக் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. பரிந்துரை தந்தாலும் தராவிட்டாலும் ஞாயிறு வருகிறேன், அம்மா உங்கள் வீட்டுக்கென்று ஒரு குலை செந்துளுவன் எடுத்து வைத்திருக்கிறார்கள், அது அதற்குமேல் தாங்காது.

உங்கள் மாணவன்,
ஜெபின்