குளியலறைச் சீலிங் கசிவு: அழிந்துபோன படங்களுக்குப் பதிலாக எழுத்து விளக்கம்

ஜெலுத்தோங், பினாங்கு
10 மார்ச் 2026

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் பேசியபோது, குளியலறைச் சீலிங் கசிவின் படங்களைச் சுங்கை பட்டாணியில் உள்ள தங்கள் பழுதுபார்ப்புக் குத்தகைக்காரரிடம் காட்ட வேண்டும், மறுபடியும் அனுப்பி வையுங்கள் என்று கேட்டீர்கள். அந்தப் படங்கள் இப்போது எங்கும் இல்லை. நம் இருவருக்கும் இடையிலான வாட்ஸ்அப் உரையாடலில், செய்திகள் 7 நாளில் தாமாக மறையும் அமைப்பு ஆரம்பத்திலிருந்தே இயங்கி வந்திருக்கிறது. பிப்ரவரி 9-ஆம் தேதி அனுப்பிய படங்களும் காணொளியும் அப்படியே மறைந்துவிட்டன. மூலப் படங்கள் இருந்த என் பழைய கைப்பேசியின் மதர்போர்டு சென்ற மாதக் கடைசியில் பழுதாகிவிட்டது. உள்ளே இருந்த எதையும் மீட்க இயலாது என்று பழுது பார்த்த கடைக்காரர் கையை விரித்துவிட்டார். தங்கள் கைப்பேசியில் படங்கள் தாமாகச் சேமிக்கப்படுவதில்லை என்பதையும் அன்றே சொன்னீர்கள்.

புதிதாகப் படம் எடுத்து அனுப்பலாமே என்று தோன்றும். எடுத்து, இத்துடன் இணைத்தும் இருக்கிறேன். ஆனால் அவற்றில் தெரிவது புது வெள்ளைச் சாயம் பூசிய ஒரு சீலிங் பலகையும், அதன் ஓரத்தில் மறுபடி படரத் தொடங்கியிருக்கும் பழுப்புக் கறையும் மட்டுமே. பிப்ரவரி 25-ஆம் தேதி நிர்வாக அலுவலகத்தின் வேலையாள் வந்து திறந்திருந்த இடத்தைப் புதுப் பலகையால் மூடிவிட்டதால், கசிவு எங்கிருந்து வருகிறது என்பதைக் காட்டும் எதையும் இனி கீழே நின்று படம் பிடிக்க முடியாது. ஆகவே, மூடுவதற்கு முன் நான் கண்ணால் கண்டதையும் கையால் தொட்டுப் பார்த்ததையும் இங்கே எழுதித் தருகிறேன். என் ஊகம் எதுவோ அதை ஊகம் என்றே குறிப்பிடுகிறேன்.

தைப்பூச வாரத்தில்தான் முதன்முதலில் சொட்டியது. கழிவறைத் தொட்டிக்கு நேர் மேலே, கதவிலிருந்து பார்த்தால் இடது மூலையில், ஐம்பது சென் நாணயம் அளவுக்கு ஒரு கறை தெரிந்தது. அடுத்த சில நாட்களில் அது சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பரவி, பலகை நடுவில் தொப்பை போட்டுத் தொங்கியது. பிப்ரவரி 8 இரவு அந்தப் பலகை ஊறி உடைந்து விழுந்தது. நல்லவேளையாக அப்போது உள்ளே யாரும் இல்லை. மறுநாள் காலை ஏணி போட்டு ஏறி, டார்ச் விளக்கு வெளிச்சத்தில் எடுத்தவைதான் தங்களுக்கு அனுப்பிய படங்கள்.

திறந்திருந்த அந்த இடத்தில் மேல் வீட்டின் கான்கிரீட் தளத்துடைய அடிப்பக்கம் தெரிந்தது. அதைத் துளைத்துக்கொண்டு சாம்பல் நிற பி.வி.சி. குழாய் ஒன்று கீழே இறங்கி, முழங்கையாக வளைந்து, சுவரை நோக்கிப் போகிறது. நம் ஊர் அடுக்குமாடிகளில் மேல் வீட்டுக் கழிவுக் குழாய் கீழ் வீட்டுச் சீலிங்கிற்குள் ஓடுவது தாங்கள் அறிந்ததே. இந்தக் குழாய் மேல் வீட்டுக் குளியலறைத் தரையில் நீர் வடியும் ஃபுளோர் டிராப்பிலிருந்து வருவது. குழாய் தளத்தைத் துளைத்து வரும் இடத்தைச் சுற்றிப் பூசியிருந்த சிமெண்டில், சுவரை ஒட்டிய பக்கம் பிறை வடிவில் ஒரு பிளவு இருந்தது. என் சுண்டுவிரல் நகம் அதற்குள் நுழையும் அளவு அகலம். பிளவின் விளிம்பில் உப்புப் பூத்தாற்போல வெள்ளைப் படிவு கட்டியிருந்தது. ஓரிடத்தில் அது அரை அங்குலத்திற்குக் கூர்மையாகத் தொங்கிக்கொண்டிருந்தது. கான்கிரீட்டுக்குள் நீர் நெடுநாளாக ஊடுருவி, அதிலுள்ள சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வந்தால்தான் இப்படிப் படியும். ஆகவே, சொட்டு கண்ணில் பட்டது பிப்ரவரியில் என்றாலும், கசிவு அதற்கு வெகு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். பிளவிலிருந்து ஒரு சாண் தள்ளி, தளத்தின் அடியில் துருப்பிடித்த நிறத்தில் ஒரு நீண்ட கோடும் தெரிந்தது. உள்ளிருக்கும் கம்பியின் துருவா அது என்பதை விவரம் தெரிந்தவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

படங்களில் கூடச் சரியாகத் தெரியாத ஒன்று உண்டு, குத்தகைக்காரருக்கு இதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். குழாயின் முழங்கை மூட்டையும் அதற்குக் கீழுள்ள இணைப்பையும் விரலால் சுற்றித் தடவிப் பார்த்தேன்; அவற்றின் அடிப்பக்கம் வறண்டிருந்தது. ஈரம் முழுவதும் மேலே, தளத்தின் பிளவிலிருந்து புறப்பட்டு, குழாயின் வெளிப்புறமாகச் சற்றே வழிந்து, வளைவு தொடங்கும் முன்பே சொட்டாகத் திரண்டு விழுந்தது. அதாவது, குழாய் மூட்டு விட்டுப்போய் ஒழுகவில்லை; மேல் வீட்டுத் தரைக்கடியில் தேங்கும் நீர் குழாயைச் சுற்றியுள்ள பிளவு வழியாக வருகிறது. மூட்டுக்குப் பசை தடவுவதாலோ, கீழிருந்து பிளவைச் சிமெண்டால் அடைப்பதாலோ இது நிற்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அடைத்தால் நீர் வேறு வழி தேடிக்கொள்ளும்.

மழைநீராக இருக்குமோ என்று தாங்கள் கேட்டது நியாயமான கேள்விதான். ஆனால் தைப்பூச வாரத்தில் இங்கே ஒரு துளி மழை கிடையாது. மேலும், நமக்கு மேலே இன்னும் பல மாடிகள் இருக்கின்றன. என் குளியலறை ஹீட்டருக்குச் செல்லும் குழாயாக இருக்குமோ என்ற ஐயத்தையும் சோதித்துப் பார்த்தேன். வீட்டில் எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு நீர்மானியைக் கவனித்தபோது, முள் அசையவே இல்லை. மேலே மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. ஆகவே இது நம் வீட்டு நீரல்ல.

இது மேல் வீட்டாரின் குளியல் நீர்தான் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு நேரமே சாட்சி. காலையில் மேலே தண்ணீர் ஊற்றும் ஓசை கேட்டுச் சுமார் பத்து நிமிடத்தில் சொட்டத் தொடங்கும், ஒரு மணி நேரத்திற்குப் பிறகு மெதுவாக ஓயும், இரவிலும் அப்படியே. அழுத்தத்தில் இருக்கும் நல்ல தண்ணீர்க் குழாய் உடைந்திருந்தால் இரவு பகல் ஓயாமல் அல்லவா ஒழுகும்? இன்னொன்றும் நடந்தது. சீனப் பெருநாளுக்கு மேல் வீட்டார் சொந்த ஊருக்குப் போயிருந்த நாட்களில் சொட்டு அறவே நின்று, கான்கிரீட்டும் வெளுத்துக் காய்ந்தது. அவர்கள் திரும்பிய மறுநாளே மீண்டும் தொடங்கியது. அவர்கள் மீது எனக்கு மனவருத்தம் எதுவும் இல்லை; தங்கள் தரைக்கடியில் நடப்பது அவர்களுக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

தங்கள் குத்தகைக்காரர் சீலிங்கிற்கு நீர் புகாத சாயம் அடித்தால் போதும் என்று கருதுவதாகச் சொன்னீர்கள். அவரைக் குறை கூறவில்லை. படம் பார்க்காமல் அவரால் வேறென்ன சொல்ல முடியும்? ஆனால் நிர்வாகத்தின் வேலையாள் சாயம் பூசி இரண்டு வாரம் ஆவதற்குள் அதே மூலையில் கறை திரும்பியிருப்பதை இணைத்துள்ள புதுப் படத்தில் பார்க்கலாம். அதன் மேல் இன்னொரு பூச்சுக்குத் தாங்கள் பணம் செலவழிப்பது வீண் என்பது என் கருத்து.

இது தங்கள் செலவாகவே இருக்க வேண்டியதில்லை என்பதையும் குறிப்பிட விரும்புகிறேன். அடுக்குமாடி வீடுகளுக்கான 2013-ஆம் ஆண்டு ஸ்திராத்தா நிர்வாகச் சட்டத்தின் 142-ஆவது பிரிவு, கீழ் வீட்டுச் சீலிங்கில் கசிவு இருந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும் வரை அதன் குறை மேல் வீட்டில் இருப்பதாகவே கொள்கிறது. அச்சட்டத்தின் கீழ் வந்த 2015-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, கசிவு பற்றி அறிவிப்புக் கிடைத்த 7 நாட்களுக்குள் நிர்வாகம் வந்து சோதனையிட வேண்டும்; அதன் பிறகு, காரணம் எது, பொறுப்பு யாருடையது என்று சோதனைச் சான்றிதழ் தர வேண்டும். இதுவரை நான் அலுவலகக் கௌண்டரில் வாய்மொழியாகச் சொன்னதன் பேரில்தான் வேலையாள் வந்தார். சோதனையோ சான்றிதழோ எதுவும் நடக்கவில்லை. வீட்டு உரிமையாளர் என்ற முறையில் தாங்கள் எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்தால் அவர்கள் அதைத் தட்டிக் கழிக்க முடியாது. மேலே சொன்ன விவரங்களை அப்படியே அதில் எடுத்து எழுதிக்கொள்ளலாம். மேல் வீட்டு ஃபுளோர் டிராப்பை அடைத்து, சாயம் கலந்த நீரைத் தரையில் சில மணி நேரம் தேக்கி வைத்துப் பார்க்கும்படியும், அப்போது இங்கே புதுப் பலகையைக் கழற்றி வைக்கும்படியும் கேட்டுக்கொண்டால், என் சொல்லை மட்டும் நம்ப வேண்டிய அவசியம் யாருக்கும் இராது.

மின்சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், இது காத்திருக்கக் கூடியதல்ல. குளியலறை விளக்கின் வயர் அந்தக் குழாயிலிருந்து ஓரடி தூரத்தில், சீலிங்கிற்குள் போகிறது. பலகை விழுந்த இரவு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. சுவிட்ச் தானாக விழுந்து வீடு முழுவதும் இருண்டது. அன்றிலிருந்து அந்த விளக்கையும் ஹீட்டரையும் நாங்கள் போடுவதில்லை. வெளியே நடைபாதை விளக்கைப் போட்டுக் கதவைச் சற்றே திறந்து வைத்துத்தான் குளிக்கிறோம். வயதான என் மாமியார் வீட்டில் இருப்பதால் இது மிகுந்த சிரமமாக உள்ளது. உரிமம் பெற்ற வயர்மேன் ஒருவரை இந்த வாரமே அனுப்பி, அந்த வயரைச் சோதித்துத் துண்டித்து வைக்க ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் அனுமதித்தால் நானே அழைத்து, ரசீதைத் தங்களுக்கு அனுப்பி, ஏப்ரல் வாடகையில் கழித்துக்கொள்கிறேன். தங்கள் சம்மதம் எழுத்தில் வராமல் கழிக்க மாட்டேன்.

உரையாடலில் இருந்த மறையும் அமைப்பை இன்று நிறுத்திவிட்டேன். இந்தக் கடிதத்தையும் புதுப் படங்களையும் தங்கள் மின்னஞ்சலுக்கும் அனுப்பியுள்ளேன். சீலிங் திறந்திருந்தபோது பக்கத்து வீட்டு அம்மா வந்து பார்த்தார். குத்தகைக்காரர் விரும்பினால் அவரிடமும் பேசலாம், சம்மதித்திருக்கிறார்.

அடுத்த வாரக் கடைசியில் நோன்புப் பெருநாள் வருவதால் அலுவலகமும் வேலையாட்களும் கிடைப்பது அரிது. ஆகவே நிர்வாகத்திற்கான அறிவிப்பை வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிட்டால் நன்றாக இருக்கும். வார நாட்களில் மாலை ஐந்து மணிக்குப் பிறகும் சனிக்கிழமை முழுவதும் நான் வீட்டில் இருப்பேன். மற்ற நேரங்களில் ஆள் வருவதானால் முந்தின நாள் தெரிவித்தால் போதும், மாமியார் கதவைத் திறந்துவிடுவார்.

இப்படிக்கு,
கு. இளவரசி
தங்கள் ஏழாம் மாடி வீட்டின் வாடகைதாரர்