அம்மாவின் பிறந்தநாளுக்குப் புளுகுச் சீட்டு

அன்புள்ள தம்பி,

சனிக்கிழமை உப்புவெளி வீட்டுக்கு வரப்போகிறவர்கள் 18 பேர். கேக் வெட்டிய பிறகு இரவுச் சாப்பாடு தயாராகும்வரை ஒரு மணித்தியாலம் இருக்கிறது. அந்த நேரத்தில் பெரியவர்கள் விறாந்தையிலும் பிள்ளைகள் தொலைபேசியிலுமாகப் பிரிந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் புளுகுச் சீட்டு விளையாட்டு. நீதான் நடத்த வேண்டும். உன் குரல்தான் கிணற்றடிவரை கேட்கும்.

விளையாட்டு இதுதான். எல்லோருடைய உறவுமுறையையும் துண்டுத் தாளில் எழுதி அம்மாவின் பழைய பிஸ்கட் பேணிக்குள் போடுவோம். ஆளுக்கொரு சீட்டு எடுத்து, அதில் வந்தவரைப் பற்றி ஒரு அண்டப்புளுகு எழுத வேண்டும். இரண்டு வசனம் போதும். கணவனும் மனைவியும் ஒருவருக்கொருவர் அகப்பட்டால் சீட்டை மாற்றிவிடு. வீட்டுக் கணக்கெல்லாம் சபைக்கு வந்துவிடும். வாசிப்பவர் எழுந்து நின்று “உங்களுக்குத் தெரியுமா?” என்று தொடங்குவார். முடித்ததும் எல்லோரும் ஒரே குரலில் “தெரியும், தெரியும்!” என்று சொல்ல வேண்டும். புளுகுக்கு உரியவர் விரும்பினால் அதைவிடப் பெரிய புளுகு ஒன்றைத் தன்னைப் பற்றிச் சொல்லலாம். விரும்பாவிட்டால் சிரித்துவிட்டு உட்காரலாம், வற்புறுத்தாதே.

நான் விட்டுக்கொடுக்காத விதி ஒன்று உண்டு: நம்பக்கூடிய பொய் வேண்டாம். “மச்சான் கொழும்பில் ரகசியமாக வீடு வாங்கிவிட்டார்” என்று யாராவது வாசித்தால் அந்த நேரம் எல்லோரும் சிரிப்பார்கள். மறுநாள் காலையில் அது மூதூர்வரை செய்தியாகப் போயிருக்கும், மச்சாள் எல்லோருக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். அதையே இப்படி எழுதலாம்: “இராவணன் வெட்டை அடைக்க எத்தனை மூடை சீமெந்து போகும் என்று மச்சான் கணக்குப் பார்த்து முடித்துவிட்டார். சாமியின் அனுமதிக்குத்தான் காத்திருக்கிறார்.” வீடு கட்டுவதில் அவருக்கு இருக்கும் கெட்டித்தனமும் இதில் இருக்கிறது, யாரும் நம்பவும் மாட்டார்கள்.

அதுதான் எனக்கு வேண்டியது. ஒருவரிடம் உண்மையிலேயே இருக்கும் நல்ல குணத்தைப் பிடித்து, வானம்வரை ஊத வேண்டும். எல்லோருக்கும் பிடிபடுவதற்காக முதலில் நீ இந்த மூன்றையும் வாசித்துக் காட்டு:

“கன்னியாவில் ஏழு வெந்நீர்க் கிணறுகள். எட்டாவது பெரிய மாமியின் குசினியில் இருக்கிறது. அதனால்தான் எந்த நேரம் போனாலும் அங்கே தேநீர் ஆறுவதில்லை.”

“கோணேசர் கோவிலுக்குச் சித்தப்பா நடந்து போகும்போது கோட்டை மான்கள் வரிசையில் நின்று வரவு சொல்லும். ஒரு மான் பிந்தி வந்ததற்குக் கடிதம் கொடுத்திருக்கிறது.”

“திருகோணமலைக் கடலுக்குத் திமிங்கிலங்கள் வருவது நம் சின்னவளின் பாட்டு வகுப்புக்குத்தான். சுருதி சேராதவை நிலாவெளியோடு திரும்பிப் போகின்றன.”

உடம்பு, நிறம், கல்யாணம், பிள்ளை இல்லாத கதை, பரீட்சை முடிவு, சம்பளம், விசா எதுவும் சீட்டில் வரக் கூடாது. யுத்த காலத்தையும் நம்மோடு இல்லாதவர்களையும் தொடவே கூடாது. இந்த வீட்டில் ஒவ்வொருவருக்கும் அந்த நினைவு வேறு வேறு இடத்தில் வலிக்கும், அது எந்த இடம் என்று நமக்கு முழுதாகத் தெரியாது. பழைய சண்டைகளும் அப்படித்தான். எழுதுகிறவருக்குச் சந்தேகம் வந்தால் எழுதாமல் விடட்டும்.

சீட்டுகள் எல்லாம் முதலில் உன் கைக்கு வரட்டும். ஒவ்வொன்றையும் வாசித்துப் பார். முகம் சுளிக்க வைக்கக்கூடியது வந்தால் எழுதியவரைத் தனியே கூப்பிட்டு, நான் அனுப்பும் உபரிச் சீட்டில் ஒன்றைக் கொடுத்துவிடு. சபையில் வைத்துத் திருத்தாதே. வீடியோ எடுக்க வேண்டாம் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடு. கனடாவில் இருக்கும் அண்ணன் கேட்டால், அடுத்த முறை நேரில் வரச் சொல். பரிசும் வேண்டாம். பரிசு வைத்தால் அதிகம் சிரிக்க வைக்கப் பார்ப்பார்கள், அங்கேதான் வார்த்தை தடிக்கும்.

அம்மம்மாவுக்கு எழுத்துத் தெரிவதில்லை. பக்கத்தில் பெரியவன் இருந்து அவர் சொல்லச் சொல்ல எழுதட்டும். அம்மாவின் பெயரைப் பேணிக்குள் போடாதே. அவருக்கான புளுகைக் கடைசியில் எல்லோரும் சேர்ந்து, ஆளுக்கொரு வசனமாகக் கட்டுவோம். முதல் வசனத்தை நான் எழுதிவிட்டேன்: “இரவு ரயில் கொழும்புக்குப் புறப்படுவது அம்மாவின் சாப்பாட்டுப் பொதி ஏறிய பிறகுதான்.” இரண்டாவது உன்னுடையது. வெள்ளிக்கிழமைக்குள் யோசித்து வை. பேனைகள் வாங்கும்போது தடித்த எழுத்து வருவதாகப் பார்த்து வாங்கு, மாமாவுக்குக் கண்ணாடி போட்டும் மெல்லிய எழுத்துப் பிடிபடாது.

அன்புடன்,
அக்கா