ஃபிளை ஆஷ் கலந்த எம்25 கான்கிரீட்டின் அமுக்க வலிமை: ஆய்வக அறிக்கை

நோக்கம்

சிமெண்டில் 10, 20, 30 சதவீதத்தை எடையளவில் குறைத்து அந்த இடத்தில் ஃபிளை ஆஷ் சேர்த்தால் 7, 28, 56 நாட்களில் கான்கிரீட்டின் அமுக்க வலிமை எப்படி மாறுகிறது என்று பார்ப்பது. 28 நாளோடு நிறுத்தினால் ஃபிளை ஆஷுக்கு நியாயம் கிடைக்காது என்பதால்தான் 56 நாள் சோதனையையும் சேர்த்தோம்.

பொருட்களும் கலவையும்

ஓபிசி 53 கிரேடு சிமெண்ட், எம்-சாண்ட், 20 மி.மீ. ஜல்லி ஆகியவற்றோடு மேட்டூர் அனல்மின் நிலையத்தின் உலர் ஃபிளை ஆஷைப் பயன்படுத்தினோம். 45 மைக்ரான் சல்லடையில் ஆஷ் 26% தங்கியது. ஐஎஸ் 3812 அனுமதிக்கும் உச்சம் 34%. அதன் ஒப்படர்த்தி 2.2, சிமெண்டுக்கு 3.15.

ஐஎஸ் 10262:2019 முறைப்படி இலக்கு வலிமை 25 + 1.65 × 4 = 31.6 நியூ/மி.மீ². நீர்–பிணைப்பொருள் விகிதம் 0.48. ஒரு கன மீட்டருக்குப் பிணைப்பொருள் 380 கி.கி., நீர் 182.4 லிட்டர், எம்-சாண்ட் 666 கி.கி., ஜல்லி 1177 கி.கி.

ஆஷ் எடை குறைந்த பொருள் என்பதால் அதே எடைக்கு அதிக இடம் பிடிக்கும். 30% கலவையில் இது கன மீட்டருக்குச் சுமார் 15.6 லிட்டர். இதைக் கழிக்காவிட்டால் கலவை ஒரு கன மீட்டரைத் தாண்டிவிடும் என்பதால் அந்தக் கலவைக்கு மணலை 651, ஜல்லியை 1150 கி.கி. ஆகக் குறைத்தோம். மற்ற கலவைகளுக்கும் இதே கணக்குதான். நீரை மட்டும் எதிலும் மாற்றவில்லை.

செய்முறை

ஒரு கலவைக்கு 9 வீதம் 150 மி.மீ. கியூப்கள், மொத்தம் 36. வீணாவதற்கு 15% கூட்டி ஒவ்வொரு கலவையும் 0.035 கன மீட்டர் போட்டோம். முதலில் சிமெண்டையும் ஆஷையும் நிறம் ஒன்றாகும்வரை உலர்வாகக் கலந்து, பிறகு மணல், ஜல்லி, நீர் சேர்த்தோம். மூன்று அடுக்குகளாக நிரப்பி, அடுக்குக்கு 35 முறை கம்பியால் குத்தினோம். 24 மணி நேரத்தில் அச்சைக் கழற்றி, 27±2 டிகிரி நீர்த்தொட்டியில் போட்டோம். சுமை ஏற்றிய வேகம் நொடிக்கு 5.25 கிலோநியூட்டன் (நிமிடத்துக்கு 14 நியூ/மி.மீ²).

அச்சைக் கழற்றும்போதே ஒரு வித்தியாசம் தெரிந்தது. 30% கலவையின் இரண்டு கியூப்களில் விளிம்பு கையோடு உதிர்ந்து வந்தது. மற்றவற்றில் அப்படி இல்லை.

முடிவுகள் (வலிமை நியூ/மி.மீ², மூன்று கியூப்களின் சராசரி)

| ஆஷ் | ஸ்லம்ப் (மி.மீ.) | 7 நாள் | 28 நாள் | 56 நாள் |
|---|---|---|---|---|
| 0% | 60 | 23.4 | 34.1 | 36.3 |
| 10% | 70 | 22.0 | 34.0 | 37.6 |
| 20% | 85 | 19.3 | 32.5 | 38.2 |
| 30% | 100 | 16.1 | 28.7 | 34.9 |

20% கலவையின் 28 நாள் எண் முதல் முயற்சியில் கிடைத்ததல்ல. முதல் தொகுதியில் 32.8, 32.2, 24.2 என்று வந்தது. சராசரி 29.7, கடைசிக் கியூப் அதிலிருந்து 18.6% விலகல். உடைந்த துண்டைப் பார்த்தால் ஒரு மூலையில் தேன்கூடு போல் ஓட்டைகள். குத்தியது போதவில்லை, எங்கள் தவறுதான். அதை ஒதுக்கிவிட்டு மீதி இரண்டின் சராசரியை எழுதத்தான் முதலில் நினைத்தோம். ஆனால் ±15%-ஐத் தாண்டினால் மாதிரியே செல்லாது என்கிறது ஐஎஸ் 456. புதிதாக மூன்று கியூப்கள் வார்த்து 28 நாள் காத்திருந்தோம். சுமை 740, 722, 732 கிலோநியூட்டன், 22,500 மி.மீ² பரப்பால் வகுத்தால் 32.9, 32.1, 32.5.

பகுப்பாய்வு

7 நாளில் 30% கலவை, ஆஷ் இல்லாத கலவையின் 69 சதவீத வலிமையைத்தான் எட்டியது. 28 நாளில் 84, 56 நாளில் 96. காரணம், ஆஷ் தானாக இறுகுவதில்லை. சிமெண்ட் நீரேற்றத்தில் வெளிவரும் கால்சியம் ஹைட்ராக்சைடோடு ஆஷில் உள்ள சிலிக்கா மெதுவாக வினைபுரிந்து, கூடுதலாகக் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட்டை உண்டாக்குகிறது. 28-லிருந்து 56 நாளுக்குள் வலிமை கூடியது ஆஷ் இல்லாததில் 6.5%, 20 சதவீதத்தில் 17.5%, 30 சதவீதத்தில் 21.6%.

30% கலவையின் 28.7, எம்25-க்கு உரிய 25-ஐத் தாண்டினாலும் இலக்கான 31.6-ஐத் தொடவில்லை. ஆனால் இதை ஆஷின் தோல்வியாக எழுத எங்களுக்கு மனம் வரவில்லை. ஆஷின் உருண்டைத் துகள்களால் ஸ்லம்ப் 60-லிருந்து 100-க்கு ஏறியது. அந்த இளக்கத்தை நீரைக் குறைக்கப் பயன்படுத்தியிருந்தால் வலிமை கூடியிருக்கும். ஒப்பீட்டுக்காக நீரை மாற்றாமல் வைத்தது எங்கள் தேர்வு. அதன் விலையை 30% கலவைதான் அதிகம் கொடுத்தது.

பரிந்துரை

இந்த நான்கில் எங்கள் தேர்வு 20%. இலக்கை 28 நாளில் தாண்டுகிறது, கன மீட்டருக்கு 76 கி.கி. சிமெண்ட் மிச்சம். ஆனால் 7 நாளில் வலிமை 17.5% குறைவு. ஐஎஸ் 456 தரும் சென்ட்ரிங் பிரிக்கும் நாட்கள் ஓபிசிக்கானவை. ஆஷ் கலந்த சிலாப்புக்கு அதே நாட்களை நம்பாமல், தளத்திலேயே கூடுதல் கியூப் வார்த்து உடைத்துப் பார்த்த பிறகே முட்டுகளைப் பிரிக்க வேண்டும்.